க்யூபின் நிலைகளை எண்ணுவோர் 12-ஆல் வகுக்கும் இடத்தில் செய்யும் தவறுகள்

என்னிடம் இருந்த மூன்றுக்கு மூன்று ரூபிக் க்யூபில் தூசி சேர்ந்து திருப்பவே கடினமாகிவிட்டதால், ஒரு முறை அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பார்க்காமல் கைக்கு வந்தபடி மாட்டினேன். பிறகு வழக்கம்போல அடுக்கிக்கொண்டு போனபோது, கடைசியில் ஒரே ஒரு விளிம்புத் துண்டு மட்டும் தன் இடத்திலேயே நிறம் தலைகீழாக நின்றது. எத்தனை முறை கலைத்து மறுபடி அடுக்கினாலும் அந்தக் குறை ஏதோ ஒரு துண்டில் வந்து நின்றது. தவறு என் கையில் இல்லை. நான் மாட்டிய நிலை, திருப்பி மட்டும் சரிசெய்யக்கூடிய நிலைகளின் கூட்டத்திலேயே இல்லை. எட்டக்கூடிய நிலைகள் எத்தனை என்ற கணக்கில் பலர் சறுக்குவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். க்யூபில் 54 நிறச் சில்லுகள் தெரிவதால், அவற்றை 54 தனிப் பொருள்களாகக் கருதிக் கணக்கைத் தொடங்குவோர் உண்டு. அப்படித் தொடங்கினால், மூன்று வெள்ளைச் சில்லுகளும் ஒரே மூலையில் வந்து சேரும் நிலைகூடக் கணக்கில் நுழைந்துவிடும். அத்தகைய துண்டு க்யூபில் இல்லவே இல்லை. எண்ண வேண்டியவை துண்டுகள்: மூன்று நிறமுள்ள 8 மூலைத் துண்டுகள், இரண்டு நிறமுள்ள 12 விளிம்புத் துண்டுகள். ஆறு நடுத் துண்டுகளும் தங்களுக்குள் இடம் மாறுவதில்லை. எந்தப் பக்கம் எந்த நிறத்துக்கு உரியது என்று அவைதான் சொல்கின்றன.

கழற்றி மாட்டினால் எத்தனை விதமாக மாட்டலாம் என்பது எளிய பெருக்கல். மூலைகளை இடங்களில் வைக்க 8! வழிகள், ஒவ்வொரு மூலையும் மூன்று விதமாகத் திரும்பி உட்காரலாம் என்பதால் 3-இன் 8-ஆம் அடுக்கு. அதேபோல விளிம்புகளுக்கு 12!, 2-இன் 12-ஆம் அடுக்கு. இவற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே திருப்பி எட்டக்கூடியது.

```
8! × 3^8 × 12! × 2^12  =  519,024,039,293,878,272,000
÷ 12                   =   43,252,003,274,489,856,000
```

நம் வழக்கில் சொன்னால் இரண்டாவது எண் ஏறத்தாழ 4.33 லட்சம் கோடி கோடி. அந்த 12 என்பது 3 × 2 × 2 என்று பலரும் சொல்லிவிடுவார்கள். எந்தக் காரணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் குழப்பம் வெளிப்படும்.

மூன்று என்ற காரணி மூலைகளின் திருகலிலிருந்து வருகிறது. இங்கே அடிக்கடி காணும் தவறு, தன் சொந்த இடத்தில் இருக்கும் மூலைக்கு மட்டுமே திருகல் என்பது பொருளுடையது என்று நினைப்பது. அப்படி நினைத்தால் கலைந்த க்யூபில் விதியைச் சொல்லவே முடியாது. ஆகவே திருகலை எந்த இடத்திலும் அளக்கக்கூடியதாக வரையறுக்க வேண்டும். வெள்ளை மேலேயும் மஞ்சள் கீழேயும் இருக்குமாறு க்யூபைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலைத் துண்டிலும் வெள்ளையோ மஞ்சளோ ஒன்று மட்டும் இருக்கும். அந்தச் சில்லு மேலேயோ கீழேயோ இருந்தால் திருகல் 0. அந்த மூலையை வெளியிலிருந்து நேராகப் பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் 1. எதிர்ச் சுற்றில் நகர்ந்திருந்தால் 2.

இப்போது முன்பக்கத்தை மட்டும் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்புவோம், அதாவது F. மேல்-இடது மூலை மேல்-வலது இடத்துக்கு வருகிறது. மேலே இருந்த அதன் வெள்ளை இப்போது வலப்பக்கம் பார்க்கிறது. அந்த மூலையில் மேல், வலது, முன் என்பதே கடிகார வரிசை என்பதால் திருகல் 1. மேல்-வலது மூலை கீழ்-வலது இடத்துக்கு இறங்குகிறது. அதன் வெள்ளையும் வலப்பக்கமே பார்க்கிறது. ஆனால் அங்கே கடிகார வரிசை கீழ், முன், வலது என்று இருப்பதால் திருகல் 2. இவ்வாறே மற்ற இரண்டும் 1, 2 என்று வரும். கூட்டினால் 6, அதை 3-ஆல் வகுத்தால் மீதி 0. பின், வலது, இடது பக்கங்களிலும் இதே கணக்குதான். மேல், கீழ்ப் பக்கங்களைத் திருப்பினால் திருகல் மாறுவதே இல்லை.

கவனிக்க வேண்டியது: ஒரு திருப்பம் ஒரு மூலையின் திருகலில் எவ்வளவு கூட்டும் என்பது, அத்துண்டு எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்பதை மட்டுமே பொறுத்தது, அது எந்தத் துண்டு, ஏற்கெனவே எப்படித் திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்ததன்று. அதனால்தான் அடுக்கிய க்யூபில் பார்த்த 6 என்ற கூட்டுத்தொகை எவ்வளவு கலைந்த க்யூபுக்கும் பொருந்துகிறது. ஏழு மூலைகளின் திருகலை நம் விருப்பப்படி வைத்தால் எட்டாவது தானாக முடிவாகிவிடும். ஆகவே 3-இன் 7-ஆம் அடுக்கு. விளிம்புகளுக்கும் இதே வழிதான்: பொருத்தமாக வரையறுத்தால் F திருப்பம் நான்கு விளிம்புகளைப் புரட்டுகிறது, நான்கு இரட்டைப்படை, எனவே 2-இன் 11-ஆம் அடுக்கு.

மீதமிருக்கும் 2-இல்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். இரண்டு மூலைகளை மட்டும் இடம் மாற்ற முடியாது, இரண்டு விளிம்புகளை மட்டும் இடம் மாற்ற முடியாது என்ற இரண்டு கூற்றுகளும் உண்மை. அதைக் கேட்டவுடன், மூலைகளின் வரிசைமாற்றமும் இரட்டைப்படை, விளிம்புகளின் வரிசைமாற்றமும் இரட்டைப்படை, அதாவது இரண்டுமே இரட்டைப்படை எண்ணிக்கையிலான இடமாற்றங்களால் ஆனவை என்று இரண்டு தனி விதிகளாக எடுத்துக்கொண்டு, இரண்டு முறை 2-ஆல் வகுத்துவிடுகிறார்கள். வகுஎண் 24 ஆகிவிடுகிறது. விடை 21,626,001,637,244,928,000 என்று சரிபாதியாகக் குறைகிறது.

உண்மையில் உள்ளது ஒரே விதி. எந்தப் பக்கத்தைக் கால் சுற்று திருப்பினாலும் நான்கு மூலைகள் ஒரு சுழற்சியாக இடம் மாறுகின்றன. நான்கு விளிம்புகளும் அப்படியே. நான்கு பொருள்களின் சுழற்சியை உண்டாக்க மூன்று இடமாற்றங்கள் தேவை, மூன்று ஒற்றைப்படை. ஆகவே ஒவ்வொரு கால் சுற்றிலும் மூலைகளின் ஒற்றை-இரட்டைத் தன்மையும் விளிம்புகளின் தன்மையும் சேர்ந்தே மாறுகின்றன. இரண்டும் இரட்டையாக இருக்கலாம், இரண்டும் ஒற்றையாக இருக்கலாம். ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் இருக்க முடியாது. நான்கு வாய்ப்புகளில் இரண்டு மிஞ்சுவதால் ஒரு முறை மட்டுமே 2-ஆல் வகுக்க வேண்டும்.

இதை நம்பாதவர்கள் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம். F முன்பக்கம் என்பதுபோல R வலப்பக்கம், U மேல்பக்கம், D கீழ்ப்பக்கம். எழுத்து மட்டும் இருந்தால் கடிகாரச் சுற்றில் கால் சுற்று, மேற்குறி இருந்தால் எதிர்ச் சுற்றில் கால் சுற்று, 2 இருந்தால் அரைச் சுற்று. வேகமாக அடுக்குவோர் டி-பெர்ம் என்று அழைக்கும் தொடர் இது:

```
R U R' U' R' F R2 U' R' U' R U R' F'
```

அடுக்கிய க்யூபில் இதைச் செய்தால் இரண்டு மூலைகளும் இரண்டு விளிம்புகளும் மட்டும் இடம் மாறி நிற்கும். மூலைகளும் ஒற்றை, விளிம்புகளும் ஒற்றை. R2-வை இரண்டாக எண்ணினால் மொத்தம் 15 கால் சுற்றுகள், அதுவும் ஒற்றை. 24-ஆல் வகுத்தவருடைய பட்டியலில் இந்த நிலைக்கு இடமே இருக்காது. அவருக்குக் கிடைத்த எண் அர்த்தமற்றது என்றும் சொல்ல மாட்டேன்: இரட்டைப்படைக் கால் சுற்றுகளில் எட்டக்கூடிய நிலைகள் சரியாக அத்தனைதான். கேட்ட கேள்விக்கு அது விடையன்று, அவ்வளவே.

அடுத்த தவறு நன்கு படித்தவர்களின் எழுத்திலும் வருகிறது. மேலே கண்ட மூன்று விதிகளும் எதை எட்ட முடியாது என்று மட்டுமே சொல்கின்றன. எட்டக்கூடியவை இந்த எண்ணிக்கைக்கு மேல் போகாது என்பதே அதுவரை நிறுவப்பட்டது. விதிகளுக்கு உட்பட்ட ஒவ்வொரு நிலையையும் உண்மையிலேயே எட்ட முடியும் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். நான்காவதாக ஒரு மறைவிதி இருந்திருந்தால் விடை இன்னும் சிறியதாகியிருக்கும் அல்லவா? அப்படி எதுவும் இல்லை என்பதற்கு நான்கு கருவிகள் போதும்: மூன்று மூலைகளை மட்டும் சுழற்றும் தொடர், மூன்று விளிம்புகளை மட்டும் சுழற்றும் தொடர், இரண்டு மூலைகளை எதிரெதிராகத் திருகும் தொடர், இரண்டு விளிம்புகளைப் புரட்டும் தொடர். மூலைத் திருகலுக்கு ஒன்று சொன்னால், `R' D' R D` என்பதை இரு முறை செய்து, U திருப்பி, `D' R' D R` என்பதை இரு முறை செய்து, U'-ஆல் மீட்டால், இரண்டு மேல் மூலைகளைத் தவிர எல்லாம் பழையபடி நிற்கும். வரிசைமாற்றங்கள் இரண்டும் ஒற்றையாக இருந்தால் ஒரு கால் சுற்றில் இரட்டையாக்கிக்கொள்ளலாம்; இரட்டை வரிசைமாற்றம் எதையும் மூவர் சுழற்சிகளால் தீர்க்கலாம்; பிறகு திருகல்களையும் புரட்டல்களையும் இரண்டிரண்டாகச் சரிசெய்யலாம்.

க்யூபைக் கையில் 24 விதமாகப் பிடிக்கலாமே, 24-ஆல் வகுக்க வேண்டாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், நடுத் துண்டுகளை அசையாத அடையாளமாக வைத்து எண்ணியபோதே பிடிக்கும் விதம் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. நடுத் துண்டே இல்லாத இரண்டுக்கு இரண்டு க்யூபில்தான் அந்த வகுத்தல் தேவை: 8! × 3^7 ÷ 24 = 3,674,160. அங்கே விளிம்புகளும் இல்லாததால் ஒற்றை-இரட்டை விதிக்கு வேலையில்லை. பக்கங்களில் படம் அச்சிட்ட மூன்றுக்கு மூன்று க்யூபில் நிலைமை மறுபுறம்: நடுத் துண்டுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதும் தெரிவதால், எண்ணிக்கை 4-இன் 6-ஆம் அடுக்கில் பாதியால், அதாவது 2048-ஆல் பெருகும்.

உங்கள் சொந்த எண்ணும் முறையைச் சோதிக்க அந்த 3,674,160 நல்ல அளவுகோல். ஒரு மூலையை அசையாமல் வைத்து, ஒரு நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் கிடைக்கும் புதிய நிலைகளைக் குறித்துக்கொண்டே போகும் சிறிய நிரலைச் சாதாரணக் கணினியில் ஓட்டினால் எண் அங்கேயே நிற்க வேண்டும். 11,022,480 என்று வந்தால், ஏதோ ஒரு திருப்பத்தில் மூலைகளின் திருகலைத் தவறாகக் கூட்டியிருக்கிறீர்கள். விடை சரியாக மூன்று மடங்காகியிருக்கும்.

என் க்யூபில் மூலைகளின் திருகல் கூட்டுத்தொகையும் ஒற்றை-இரட்டைப் பொருத்தமும் சரியாக இருந்தன. விளிம்புகளின் புரட்டல் மட்டும் ஒற்றைப்படை. ஆகவே அந்த ஒரு விளிம்பைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்து, திருப்பி மாட்டினேன்.