அம்மாவின் கிளினிக் கொப்பியை போனுக்குள் கொண்டுவந்து, வீடியோவில் டொக்டரிடம் காட்டிய முறை

உப்புவெளியிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம். அறுபத்திரண்டு வயது அம்மாவை வீங்கின காலோடு ஏற்றிக்கொண்டு போய், சிறுநீரக டொக்டரிடம் பத்து நிமிஷம் காட்டிவிட்டுத் திரும்புவதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. அதனால் வீடியோவில் நேரம் எடுத்தோம். முதல் தடவை அந்தப் பத்து நிமிஷத்தில் முக்கால்வாசியை நானே தின்றுவிட்டேன். "தம்பி, போன வருஷம் கிரியேட்டினின் எவ்வளவு?" என்று, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடுகிற அந்த அளவை டொக்டர் கேட்க, நான் கலரியில் பிறந்தநாள் கேக்கையும் மீன்குழம்பையும் தள்ளித் தள்ளித் தேடினேன். நான் தேடத் தொடங்கியதும் அங்கே அவருக்கு எங்கள் படம் நின்றுபோனது. இரண்டாம் தடவை ஒழுங்காக நடந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இது.

1. முதலில் காகிதங்களைப் பிரியுங்கள்

கிளினிக் கொப்பி, லாப் ரிப்போர்ட், மருந்துத் துண்டு, ஈசிஜி எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். எல்லாமே தேவையில்லை. கொப்பியின் கடைசி மூன்று நான்கு பக்கங்கள், கடைசி இரண்டு மூன்று ரத்தப் பரிசோதனைகள், இப்போது குடிக்கிற மருந்துகள் எழுதின துண்டு, இவ்வளவும் முதல் நாளுக்குப் போதும்.

ஈசிஜி இருந்தால் அதை முதலில் எடுங்கள். அது வெப்பத்தில் கறுக்கும் காகிதம். கிளினிக் கொப்பிக்குள் வைத்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டால் கொஞ்ச மாதத்தில் கோடுகள் மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லமினேட் பண்ணக் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் முழுக்கக் கறுத்துப்போகும்.

2. படம் எடுக்காமல் ஸ்கேன் பண்ணுங்கள்

சாதாரண கமெராவில் எடுத்தால் கையின் நிழல் விழும், பக்கம் சரியும். அண்ட்ரொய்ட் போனில் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்தால் கீழே வலது பக்கம் சின்னக் கமெரா அடையாளம் இருக்கும். அதைத் தொட்டுப் பக்கத்துக்கு மேலே போனைப் பிடித்தால் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து PDF ஆக்கும். கூட்டல் அடையாளத்தைத் தொட்டு அடுத்த பக்கத்தையும் அதே கோப்பில் சேர்க்கலாம். ஐபோனில் Notes செயலிக்குள் Scan Documents என்று இருக்கிறது.

வாசலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், மின்குமிழை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். குமிழ் தலைக்கு மேலே எரிந்தால் உங்கள் தலையின் நிழல் நேரே ரிப்போர்ட்டில்தான் விழும். எடுத்து முடிந்ததும் மிகச் சின்ன எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதை நீங்கள் வாசிக்க முடியாவிட்டால் டொக்டராலும் முடியாது.

இங்கே நான் விட்ட பெரிய பிழை ஒன்று. இலக்கம்தானே முக்கியம் என்று அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தேன். அம்மாவின் நவம்பர் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 97 என்று இருந்தது. மே மாதம் வேறு லாப்பில் எடுத்ததில் 1.4 என்று இருந்தது. 97 எங்கே, 1.4 எங்கே, நல்லாய்க் குறைந்திருக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷமாகச் சொல்லியும் விட்டேன். உண்மையில் முதலாவது µmol/L என்ற அளவில் இருந்தது, இரண்டாவது mg/dL. முதலாவதை 88.4 ஆல் வகுத்தால் 1.1 வரும். அதாவது ஆறு மாதத்தில் 1.1 இலிருந்து 1.4 க்கு ஏறியிருக்கிறது. குறையவில்லை, கூடியிருக்கிறது. சீனி அளவிலும் இதே வில்லங்கம் உண்டு. ஒரு லாப் 7 என்று தரும், இன்னொன்று 126 என்று தரும், இரண்டும் ஒன்றுதான்.

அதனால் பக்கத்தின் தலையிலிருந்து கால் வரை முழுதாக வரவேண்டும். பெயர், வயது, ரத்தம் எடுத்த திகதி, அலகு, பக்கத்தில் போட்டிருக்கும் சாதாரண வரம்பு, ஒன்றையும் வெட்டக்கூடாது.

3. பெயரை வருஷத்திலிருந்து தொடங்குங்கள்

ஸ்கேன் பண்ணினதும் போன் தானே ஒரு நீளப் பெயர் வைக்கும். அதை அப்படியே விட்டால் மறுபடி மீன்குழம்புக் கதைதான். நான் இப்படி மாற்றினேன்:

```
2024-11-12_creatinine.pdf
2025-05-20_creatinine.pdf
2025-05-20_marunthu.pdf
```

வருஷம், மாதம், நாள் என்று இந்த ஒழுங்கில் எழுதினால், பெயர்ப்படி அடுக்கும்போது போன் திகதி வரிசையிலேயே வைத்துவிடும். இருபதாம் திகதி என்று நாளை முதலில் எழுதினால் எல்லாம் கலைந்துபோகும். திகதி என்பது ரத்தம் எடுத்த நாள், நீங்கள் ஸ்கேன் பண்ணின நாள் அல்ல. ஆளுக்கொரு ஃபோல்டர் போதும். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாருடையதையும் ஒன்றில் போட்டுக் கலக்காதீர்கள்.

கோப்பின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Make available offline என்பதைத் தெரிவு செய்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். ஃபோல்டரை Anyone with the link என்று மட்டும் பகிராதீர்கள். அடையாள அட்டை இலக்கமும் வருத்தத்தின் பெயரும் ஒரே தாளில் இருக்கிற கோப்புகள் இவை. சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் அதே கணக்குத்தான்.

4. துண்டில் இல்லாத குளிசைகள்

மருந்துத் துண்டை ஸ்கேன் பண்ணினால் மட்டும் காணாது. துண்டில் எழுதியிருப்பது டொக்டர் கொடுத்தது. வீட்டில் குடிப்பது வேறாக இருக்கலாம். எல்லாக் குளிசை அட்டைகளையும் மேசையில் பெயர் தெரிகிற பக்கம் மேலே வர வைத்து ஒரு படம் எடுங்கள். மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரிய வேண்டும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டுகிற பழக்கம் இருந்தால், வெட்ட முதல் எடுங்கள்.

அம்மாவின் மேசையில் மெட்ஃபோர்மின், லொசாட்டன், அட்டோவாஸ்டாட்டின் மூன்றும் எதிர்பார்த்தவை. நான்காவதாக ஒரு டைக்ளோஃபெனாக் அட்டை, பாதி முடிந்திருந்தது. "அது முழங்கால் உளைவுக்கு, பாமசியில சும்மா வாங்கினது" என்றார். இரண்டு மாதமாகக் குடித்திருக்கிறார். அதை மருந்தாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. நாட்டு மருந்து, சூரணம், வெளிநாட்டிலிருந்து வந்த விட்டமின் போத்தல் இருந்தால் அதையும் அந்தப் படத்தில் வையுங்கள்.

துண்டில் உள்ள சுருக்கங்களையும் தெரிந்து வைத்திருங்கள். bd என்றால் நாளுக்கு இரண்டு தரம், tds மூன்று தரம், mane காலமை, nocte இரவு. டொக்டர் எழுதினபடி அம்மா குடிக்கிறாரா என்று பார்க்க இது உதவும்.

5. அழைப்புக்கு முதல் நாளே அனுப்புங்கள்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், சின்ன எழுத்து கரைந்துவிடும். இணைப்பு அடையாளத்தைத் தொட்டு Document என்பதைத் தெரிவு செய்து PDF ஐயும் குளிசைப் படத்தையும் டொக்டருக்கு அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதினேன்: வயது, எத்தனை வருஷமாகச் சீனி வருத்தம், கால் வீக்கம் எப்போது தொடங்கியது, கடைசி ஏழு நாள் பிரஷர் அளவுகள். லாப்பிலிருந்து வந்த PDF க்கு கடவுச்சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் டொக்டர் பூட்டின பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

6. அழைப்புக்கு அரை மணித்தியாலம் முதல்

எங்களுக்கு வந்தது ஸூம் இணைப்பு. பதினைந்து நிமிஷத்துக்கு 150 இலிருந்து 400 எம்பி வரை டேட்டா போகும். சமூக வலைத்தளங்களுக்கென்று வாங்கின பாக்கேஜ் ஸூமுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், மீதியைப் பார்த்து வையுங்கள். கதவையும் ஜன்னலையும் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், முகம் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் முகத்துக்கு நேரே வரட்டும். நாங்கள் அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம், அதன் இரைச்சல் மைக்கில் கடல் மாதிரிக் கேட்கும். சாதாரண அழைப்பு ஒன்று வந்தால் மைக் அதற்குப் போய்விடும், அதனால் தொந்தரவு செய்யாதே நிலையைப் போடுங்கள். மாமியிடம் "பத்து மணிக்கு எடுக்காதேங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இணைப்பைத் தொட்டதும் பெயர் கேட்கும். போனின் மொடல் பெயரை அழித்துவிட்டு நோயாளியின் பெயரை எழுதுங்கள். காத்திருக்கச் சொன்னால் வெளியே போகாமல் இருங்கள், டொக்டர்தான் உள்ளே எடுக்க வேண்டும். கமெரா, மைக் இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். உள்ளே போனதும் Wifi or Cellular Data என்று வரும், அதைத் தொடாவிட்டால் படம் தெரியும், சத்தம் வராது. முதல் தடவை எங்களுக்கு நடந்தது அதுதான். டொக்டர் வாயசைக்க, நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

அழைப்பு நடக்கும்போது அதே போனில் ஃபைல் தேடாதீர்கள். ஸ்கேன் பண்ணின காகிதங்களை மடியில் வைத்திருங்கள், அல்லது இன்னொரு போனில் ஃபோல்டரைத் திறந்து வையுங்கள்.

7. திரையில் உடம்பைக் காட்டுதல்

டொக்டர் கேட்டார்: "அம்மா, கணுக்காலுக்கு மேல பெருவிரலால கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கோ." நான் கமெராவைப் பின்பக்கத்துக்கு மாற்றி, போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். பின்பக்கக் கமெராதான் தெளிவானது. விரலை எடுத்ததும் குழி விழுந்து அப்படியே நின்றது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்ததால்தான் அந்தக் குழி திரையில் தெரிந்தது. நேர் வெளிச்சத்தில் தோல் தட்டையாகத்தான் தெரியும். கையைக் கதிரையில் முட்டுக் கொடுத்து அசையாமல் பிடியுங்கள்.

பிறகு மேசைப் படத்தைப் பார்த்து டைக்ளோஃபெனாக்கை உடனே நிற்பாட்டச் சொன்னார். அந்த வகை நோக்குளிசைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும், கால் வீக்கத்தையும் கூட்டும். மெட்ஃபோர்மினையும் பாதியாக்கினார். இது அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் எடுத்த முடிவு, உங்கள் வீட்டில் நீங்களாகக் குறைக்கிற விஷயமல்ல.

வீடியோவில் நெஞ்சுக்குக் குழாய் வைத்துப் பார்க்க முடியாது, வயிற்றை அமத்திப் பார்க்க முடியாது. நெஞ்சு நோ, மூச்சு முட்டு, ஒரு பக்கம் கை கால் இழுத்தல் என்றால் நேரம் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

8. அழைப்பு முடிந்த கையோடு

டொக்டர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லி, அவர் ஆம் என்ற பிறகுதான் அழைப்பை வைத்தேன். புதுத் துண்டு PDF ஆக வந்தது, பெயர் மாற்றி ஃபோல்டரில் போட்டேன். சில மருந்துகளுக்கு பாமசியில் போனில் காட்டுகிற துண்டை ஏற்கமாட்டார்கள், அதனால் அச்செடுத்த பிரதி ஒன்றும் வைத்திருக்கிறோம். அதை கிளினிக் கொப்பிக்குள்ளும் ஒட்டினேன், அடுத்த கிளினிக்கில் இங்குள்ள டொக்டர் பழைய அளவையே திரும்ப எழுதிவிடாமல் இருக்க.

மூன்று கிழமை கழித்து கிரியேட்டினின் மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை மே மாதம் எடுத்த அதே லாப்பிலேயே எடுத்தோம்.