குறில் நெடில் பாட்டு: எங்கே பிசகுகிறது?

இரண்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தேன். ‘படம்’ என்றேன், ‘பாடம்’ என்று எழுதினாள் ஒரு சிறுமி. ‘வீடு’ என்றேன், ‘விடு’ என்று எழுதினாள். ஆனால் எழுப்பிக் கேட்டால் “அ குறில், ஆ நெடில், இ குறில், ஈ நெடில்” என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். பாட்டு வாயில் இருந்தது, காதுக்குப் போகவில்லை. அப்புறம்தான் பாட்டையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது வகுப்பில் ஓடும் பாட்டு நானே கட்டியது. பெரிய கவித்துவம் ஒன்றும் இல்லை:

படு குறில், பாடு நெடில்
விடு குறில், வீடு நெடில்
சுடு குறில், சூடு நெடில்
கெடு குறில், கேடு நெடில்
தொடு குறில், தோடு நெடில்
ஐயும் ஔவும் ஜோடி இல்லை
ஆனால் நெடிலே, ஐயம் இல்லை!

இந்த ஏழு வரிக்கு வருவதற்குள் நான் செய்த தவறுகள்தான் சொல்ல வேண்டியவை.

முதல் தவறு ராகம். குழந்தைப் பாட்டு என்றாலே ஒரு மெட்டுப் போட்டுவிடுகிறோம். மெட்டுக்கு நீளம் வேண்டும், அது குறிலைத்தான் பிடித்து இழுக்கும். ‘படு’ என்பதை வரியின் தொடக்கத்தில் “பஅஅடு” என்று நீட்டிப் பாடிவிட்டு, அதைக் குறில் என்று சொன்னால் பிள்ளை எதை நம்பும்? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். மெட்டில் இந்தக் கணக்கு முதல் அடியிலேயே கரைந்துபோகிறது. அதனால் இந்தப் பாட்டை நாங்கள் பாடுவதில்லை, சொல்கிறோம். பேருந்தில் நடத்துநர் ஊர்ப்பெயரை வரிசையாகச் சொல்வாரே, அந்த மாதிரி.

கூடவே கை. குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, உடனே கையை எடுத்துவிட வேண்டும். நெடிலுக்குத் தட்டிய கையை எடுக்காமல் மேசைமேல் இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் நெடிலுக்கு இரண்டு தட்டு என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் ‘பா’வை “ப, அ” என்று உடைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள், விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு பொறி உண்டு. முழுச் சொல்லுக்கும் தட்டக் கூடாது, முதல் எழுத்துக்கு மட்டும்தான். ‘விடு’வில் இரண்டுமே குறில், ஒவ்வொரு மாத்திரை, ஆக இரண்டு. ‘வீடு’வில் ‘வீ’ இரண்டு மாத்திரை. நெடிலை அடுத்து வருவதால் இங்கே கடைசி ‘டு’ குற்றியலுகரம், அரை மாத்திரைதான். மொத்தம் இரண்டரை. சொல் முழுவதையும் தட்டச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் மாதிரி கேட்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை, வாத்தியார் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

அடுத்தது, சொல் தேர்வு. நான்காவது வரியில் முதலில் ‘எடு, ஏடு’ என்று வைத்திருந்தேன். ஏடு பள்ளிக்கூடத்துச் சொல் ஆயிற்றே என்ற ஆசை. பிள்ளைகள் எ, ஏ இரண்டையும் பிழையில்லாமல் எழுதினார்கள். ஆனால் ‘தேன்’ என்றால் ‘தென்’, ‘சேறு’ என்றால் ‘செறு’. காரணம் எளிது. தனி உயிரில் வித்தியாசம் கீழே இழுக்கும் ஒரு கோடு. உயிர்மெய்யில் அது கொம்பு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையில் இருப்பது ஒரு சுழி. அதுவும் எழுத்துக்கு முன்னால் வருகிறது. ‘த’ எழுதும் முன்பே குறிலா நெடிலா என்று பிள்ளை முடிவுசெய்தாக வேண்டும். மற்ற வரிகளில் உயிர்மெய் இருக்க, இந்த வரியில் மட்டும் தனி உயிர். ‘கெடு, கேடு’ என்று மாற்றிய பிறகு, அந்த வரி வரும்போதெல்லாம் காற்றில் விரலால் கொம்பு போடச் சொல்கிறேன். ஒரு சுழி, ரெண்டு சுழி. இந்தச் சுழி வேறுபாடு நம் எழுத்துக்கே பிந்தி வந்ததுதான். பழைய ஓலைச்சுவடிகளில் கெ, கே இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இன்றைய வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

சொல் தேர்வில் இதைவிடப் பெரிய தவறு ‘குடை, கூடை’. படம் போட வசதி என்று நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். வீட்டில் யாராவது ‘குடை’ என்கிறார்களா? “கொடை எடுத்துட்டுப் போ” என்பதுதான் பேச்சு. இலை ‘எலை’ ஆகிறது, விலை ‘வெலை’, உலகம் ‘ஒலகம்’. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் பேச்சில் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் சாய்கின்றன. நெடிலுக்கு இந்தச் சாய்வு கிடையாது. கூடை என்றும் கூடைதான். ஆக, குறில் நெடில் பழக எடுத்த ஜோடி, உ-ஒ குழப்பத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. பிள்ளை ‘கொடை’ என்று எழுதினால் அது குறில் பிழையே இல்லை. என் பாட்டில் எல்லாச் சொல்லும் ‘டு’வில் முடிவது இதற்காகத்தான். எதுகைக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

விதியைச் சொல்லும் சொற்களும் ஏமாற்றும். ‘நெடில்’ என்ற சொல்லில் ஒரு நெடில்கூட இல்லை. நெடிலுக்கு எடுத்துக்காட்டு கேட்டதற்கு ஒருவன் ‘நெடில்’ என்றே சொன்னான். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.

பாட்டு எட்டாத இடமும் உண்டு. கல், கால், பல், பால், மின், மீன் போன்ற சிறு சொற்களில் சந்தேகம் வந்தால் பின்னால் ‘ஐ’ சேர்த்துச் சொல்லச் சொல்வேன். கல்லை, காலை. பல்லை, பாலை. மின்னை, மீனை. மெய் இரட்டித்தால் முன்னால் இருப்பது குறில். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டும் என்ற இலக்கணம்தான் இது. பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் ‘காலு வலிக்குது’ என்று சொல்லும் பிள்ளை ஒருநாளும் ‘கால்லு’ என்று சொல்லாது. இந்தச் சோதனை இப்படி மெய்யில் முடியும் ஓரசைச் சொற்களுக்கு மட்டும்தான். ‘படம், பாடம்’ என்று வந்தால் மறுபடியும் மேசையில் தட்ட வேண்டியதுதான்.

அந்தச் சிறுமியிடம் நோட்டைத் திருத்திக் கொடுக்காமல், “கையை வச்சுப் ‘படம்’ சொல்லு. இழுத்தியா?” என்றேன்.

“இழுக்கல டீச்சர்.”

“அப்போ கால் எதுக்கு?”

ரப்பரைத் தேடினாள்.

பிறகு பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்: “ஐ நெடில்னா, ‘கடை’ல எங்க டீச்சர் இழுக்குது?” அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஐ ஒரு மாத்திரையாகக் குறுகும், அதற்கு ஐகாரக்குறுக்கம் என்று பெயர். அதை இரண்டாம் வகுப்பில் சொல்ல முடியாது. ‘கை’, ‘பை’ இரண்டையும் தட்டிப் பார்க்கச் சொன்னேன், அங்கே முழுசாக இழுக்கும். ‘கடை’யை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தேன்.