பதினாலு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கார்: உரிமத்திலிருந்து சுரங்கப்பாதை ஏற்றம் வரை

நான் கார் ஓட்டுவதை நிறுத்தியது 2010இல். மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் போகும் துரைசாமி சுரங்கப்பாதையில், மேலே ஏறும் இடத்தில் நெரிசல். நின்று நின்று நகர்ந்தபோது வண்டி பின்னால் உருண்டு ஓர் ஆட்டோவில் இடித்தது. பம்பரில் ஒரு கீறல்தான். ஆனால் ஆட்டோக்காரர் போட்ட சத்தமும், சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையும் போதும் என்று ஆக்கிவிட்டன. அன்றோடு சாவி கணவரிடம் போனது.

2024 நவம்பரில் அம்மாவை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும் வேலை வந்தது. அப்போதுதான் மறுபடி ஆரம்பித்தேன். கியர் உள்ள பெட்ரோல் கார், சென்னைச் சாலை. நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: உரிமத்தில் தேதியைப் பாருங்கள்

ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. நான் உரிமம் எடுத்தது 2004 மார்ச்சில், 25 வயதில். அன்றைய சட்டப்படி 20 வருஷம், அல்லது 50 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால், 2024 மார்ச்சோடு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை உண்டு. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே அது செல்லாத உரிமம். அதை வைத்து ஓட்டிப் பிடிபட்டால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அபராதம் 5,000 ரூபாய். விபத்து ஏதாவது நடந்தால் நம் வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையும் சிக்கலில் மாட்டும். அதனால் புதுப்பித்து முடியும் வரை நான் வண்டியைத் தெருவில் இறக்கவே இல்லை.

முக்கியமான இன்னொரு மாற்றம்: காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி தேர்வு உண்டு. முன்பு இதற்கு ஐந்து வருஷம் அவகாசம் இருந்தது. பழைய நினைப்பில் "மெதுவா பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். எனக்கு எட்டு மாதம் என்பதால் தப்பித்தேன்.

விண்ணப்பம் parivahan.gov.in தளத்தில். ஓட்டுநர் உரிமம் பகுதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, `Apply for DL Renewal` என்பதை அழுத்த வேண்டும். மிகப் பழைய உரிமம் என்றால் எண்ணைப் போட்டாலும் விவரம் வராமல் போகலாம். கணினியில் ஏற்றப்படாத உரிமம் அது. அப்படி இருந்தால் உரிமம் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் பதிவேற்றச் சொல்ல வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்கு படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழும் தேவை. புதிய கணக்கில் 30 முதல் 50 வயதுக்குள் புதுப்பித்தால் 10 வருஷம் செல்லும். எனக்கு 45 வயது, ஆகவே 2034 வரை கவலை இல்லை.

இரண்டாம் படி: கண்ணும் இருக்கையும்

அந்த மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? மருத்துவரிடம் போவதற்கு முன் தெருவிலேயே பார்த்துவிட்டேன். நிற்கும் ஒரு காரிலிருந்து 35 எட்டு நடந்து திரும்பிப் பார்த்தேன். இடக்கண்ணை மூடினால் தெளிவாகத் தெரிந்தது. வலக்கண்ணை மூடினால் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. புதுக் கண்ணாடி போட்ட பிறகுதான் சரியானது. நாற்பதுக்கு மேல் திரும்பி வருகிறவர்கள் பயம் என்று நினைப்பதில் ஒரு பங்கு வெறும் பார்வைக் குறையாக இருக்கும். முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

உரிமம் கைக்கு வரும் வரை வீட்டு வாசலுக்குள் நின்ற காரில் தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். இருக்கை கணவரின் உயரத்துக்கு இருந்தது. கிளட்சை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீண்டு விறைத்தால் இருக்கை பின்னால் இருக்கிறது என்று பொருள்; அப்படி உட்கார்ந்தால் கிளட்சை அளந்து விட முடியாது. முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் நம் கார் ஓரமாக ஒரு கீற்று தெரிந்தால் போதும், மீதியெல்லாம் சாலை.

மூன்றாம் படி: ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் கிளட்ச்

புது உரிமம் வந்த பிறகு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத சமதளத் தெருவில் தொடங்கினேன். பக்கத்தில் தம்பி. அவனிடம் முன்கூட்டியே ஒன்று பேசி வைத்தேன்: நான் கேட்டால் மட்டும் பேசு, ஆபத்து என்றால் "பிரேக்" என்று மட்டும் சொல். வேறு யோசனைகள் எல்லாம் வண்டி நின்ற பிறகு.

முதல் கியரைப் போட்டு, வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைக்காமல், கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்து இறங்கும், பாதத்தில் ஒரு நடுக்கம் தெரியும், வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கேயே காலை நிறுத்துங்கள், நகர்ந்ததும் முழுவதும் விடுங்கள், பிறகு கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துங்கள். இதை அன்று முப்பது தடவையாவது செய்திருப்பேன். எஞ்சின் அணைந்தால் கால் சீக்கிரம் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். நான்காவது ஞாயிறுக்குள் பாதமே அந்த இடத்தைத் தேடிக்கொண்டது.

நான்காம் படி: ஏற்றம்

2010இல் என்ன தவறு செய்தேன் என்பது இங்கேதான் புரிந்தது. ஏற்றத்தில் நிற்கும்போது நான் பிரேக் பிடிக்கவில்லை. அரை கிளட்சும் ஆக்ஸிலரேட்டருமாக வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். நெரிசல் நீளநீள இடது கால் சோர்ந்து கொஞ்சம் அழுந்தியது. அழுந்தியதும் பிடிப்பு விட்டு வண்டி உருண்டது. அதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு தீய்ந்த வாடை வந்தது நினைவிருக்கிறது. கிளட்ச் தேய்ந்து சூடான வாடை அது. அந்த வாடை வந்தால் அரை கிளட்சில் தாங்குவதை நிறுத்தி, உடனே பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

சரியான முறை இது. நின்றவுடன் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், கால்களுக்கு ஓய்வு. முன் வண்டி நகர ஆரம்பித்ததும் முதல் கியர். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பானெட் ஒரு விரல் அளவு எழும், வண்டி பின்பக்கம் உட்காரும். ஹேண்ட்பிரேக்கோடு மல்லுக்கட்டுவது போல இருக்கும். அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். இறக்கியதும் பின்னால் போகிறதா? இன்னும் பிடிக்கவில்லை, உடனே கால் பிரேக், மறுபடி முதலிலிருந்து. சில புது வண்டிகளில் ஏற்றத்தில் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அது ஓரிரு நொடிதான் நிற்கும், அதை நம்பிப் பழகாதீர்கள்.

முதலில் ஒரு அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் சரிவில் பழகினேன். பிறகு ஒரு ஞாயிறு காலை சுரங்கப்பாதையில் ஐந்து முறை போய் வந்தேன். கடைசியாக ஒரு வியாழன் மாலை, நெரிசல் நேரத்தில். ஏற்றத்தின் நடுவில் நின்றது. எஞ்சின் அணைந்தது. பின்னால் ஹார்ன். கை நடுங்கி கியரே விழவில்லை. தம்பி அன்று மட்டும் விதியை மீறினான்: "அக்கா, ஹேண்ட்பிரேக் போட்டாச்சு. இனி வண்டி எங்கயும் போகாது. ஹார்னை விடு, காலைப் பாரு." கிளட்சை மிதித்து, ஸ்டார்ட் செய்து, பானெட் எழும் வரை காத்திருந்து இறக்கினேன். ஓர் அங்குலம்கூட பின்னால் போகவில்லை.

நெரிசலில் நிற்கும்போது முன் வண்டியின் பின் சக்கரம் தரையைத் தொடுவது உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விடுங்கள். முன்வண்டி உருண்டாலும் பிழைக்கலாம். அந்த இடத்தில் பைக் நுழையும், நுழையட்டும்.

ஐந்தாம் படி: மாறிய விதிகள்

நான் கற்ற விதிகள் 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள். 2017இல் புதியவை வந்து அவற்றை நீக்கின. எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம். எனக்கு அன்றாடம் உதவுபவை சில.

சென்னைக்குள் 2023 நவம்பர் முதல் காருக்கு மணிக்கு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. இது நமக்குச் சாதகமான விதி. தெருவில் 30இல் போகும்போது பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் தவறு உங்களுடையது இல்லை. போனைக் கையில் பிடிக்கக் கூடாது. வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாதபடி வைத்துப் பார்க்கலாம் என்று 2020இல் விதியே வந்துவிட்டது. நான் ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டுவிடுகிறேன். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். இடப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள், ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டிக் குறுக்கே பாயாதீர்கள்.

காகிதக் கட்டு வேண்டாம். டிஜிலாக்கர் செயலியில் உள்ள உரிமமும் ஆர்சியும் செல்லும். அபராதச் சீட்டும் பெரும்பாலும் கையில் வராது. கேமரா படம் எடுத்து, வண்டி உரிமையாளரின் போனுக்கு வரும். எங்கள் கார் கணவர் பெயரில், அவருடைய பழைய எண்ணில் பதிவாகியிருந்தது. மாற்றிய பிறகுதான் நிம்மதி.

பிசியோதெரபிக்கு இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மழை நாட்களில் மட்டும் அந்த வழியில் போவதில்லை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் மேலிருந்து தெரியாது. பயந்து வழி மாறிய காலம் வேறு, இது வேறு. அரை மணி முன்னதாகக் கிளம்பி கோடம்பாக்கம் மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறோம். அம்மா பின் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு, அடுத்த சிக்னலில் எத்தனை நொடி பாக்கி என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வருவார்.