புது மாடல் மெஷினை திரும்பத் திரும்பச் செய்யும்போது கூலியைக் கணக்கிடுவது எப்படி?

பட்டறையில் புது டிசைனில் ஒரு மெஷின் செய்து கொடுத்தீர்கள். பார்ட்டிக்குப் பிடித்துப்போய் "இன்னும் 7 வேணும், ரேட் சொல்லுங்க" என்கிறார். முதல் மெஷினுக்கு ஆன கூலியை 7 ஆல் பெருக்கிச் சொன்னால் ஆர்டர் போய்விடும், கண்ணை மூடிக்கொண்டு பாதியாகக் குறைத்தால் கை நஷ்டம். இரண்டுக்கும் நடுவில் சரியான எண்ணை எடுக்க ஒரு வழி இருக்கிறது.

1936-ல் தியடோர் ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் விமானம் கட்டும் வேலையில் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். செய்த எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு நேரம் முன்பிருந்ததில் ஏறக்குறைய 80 சதவீதமாகிறது. இதைத்தான் லேர்னிங் கர்வ், கற்றல் வளைவு என்கிறோம். ஆனால் அந்த 80-ஐ அப்படியே தூக்கி உங்கள் பட்டறைக்குப் போடாதீர்கள். உங்கள் சதவீதம் உங்கள் ஜாப் கார்டில்தான் இருக்கிறது.

தேங்காய் மட்டை உரிக்கும் மெஷினை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

முதலில் மணிக்கணக்கைப் பிரியுங்கள். முதல் மெஷினுக்கு மொத்தம் 100 மணி நேரம். அதில் 20 மணி லேத்திலும் டிரில்லிங்கிலும் போனது. ஷாஃப்ட் கடைவதற்கு ஆகும் நேரத்தை மெஷினின் ஸ்பீடும் ஃபீடும் முடிவு செய்வதால் பத்தாவது ஷாஃப்டுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். மீதி 80 மணிதான் அளந்து வெட்டுவது, டேக் வைப்பது, வெல்டிங், ஃபிட்டிங் என்று கைவேலை. குறைவது இது மட்டும்தான், ஏனென்றால் ஃபிட்டர் இனி டிராயிங்கைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார், எதை முதலில் மாட்டினால் எது இடிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம், டிராயிங் தப்பால் முதல் மெஷினில் ஏதாவது பிரித்து மறுபடி வெல்டு செய்திருந்தால் அந்த நேரத்தை இந்த 80-ல் சேர்க்கவே கூடாது. அது திரும்ப வராத செலவு. சேர்த்தால் அடுத்த மெஷினில் வேலை ரொம்பக் குறைந்ததுபோல் பொய்யாகத் தெரியும்.

அடுத்து, ரேட் சொல்வதற்கு முன் முடிந்தால் இரண்டாவது மெஷினை ஒன்று செய்து பாருங்கள். கைவேலை 48 மணியில் முடிந்தது என்றால் இரண்டின் சராசரி (80+48)/2 = 64. இது 80-ல் 80 சதவீதம். உங்கள் வளைவு கிடைத்துவிட்டது. இதுவே 56 மணி ஆகியிருந்தால் சராசரி 68, வளைவு 85 சதவீதம்.

இனி இரண்டு மடங்காக ஏறுங்கள்: 1-க்கு 80, 2-க்கு 64, 4-க்கு 51.2, 8-க்கு 40.96. நடுவில் 5, 6 என்று வந்தால் எக்ஸெல் போட்டுக் கொடுக்கும், கீழே 8 இருக்கும் இடத்தில் உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள்:

```
=80*8^(LOG(0.8)/LOG(2))
```

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் நிறையத் தடுக்குவது இங்கேதான். 40.96 என்பது எட்டாவது மெஷினின் நேரம் இல்லை, எட்டுக்கும் சேர்த்த சராசரி. அதை 7 ஆல் பெருக்கக் கூடாது. எட்டின் மொத்தம் 8 × 40.96 = 327.68 மணி, அதில் முதல் மெஷினின் 80-ஐக் கழித்தால் 247.68. இதோடு லேத் நேரம் 7 × 20 = 140. ஆக, 7 மெஷினுக்கு ஏறக்குறைய 388 மணி. மணிக்கு 150 ரூபாய் என்றால் கூலி 58,200 ரூபாய். முதல் மெஷினை வைத்து நேராகப் பெருக்கியிருந்தால் 1,05,000 சொல்லியிருப்பீர்கள். அதே சமயம் லேத் நேரத்தைப் பிரிக்காமல் 100 மணிக்கும் சேர்த்து 80 சதவீதம் போட்டிருந்தால் 310 மணிதான் வரும், 78 மணிக்கான கூலி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்: இந்தக் கணக்கு அதே ஆட்கள் இடைவெளி இல்லாமல் செய்யும் வேலைக்குத்தான். ஃபிட்டர் மாறினாலோ, ஆறு மாதம் கழித்து அடுத்த ஆர்டர் வந்தாலோ பழைய சராசரியிலிருந்து தொடராதீர்கள், கை மறந்திருக்கும். பீஸ் ரேட்டுக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்றால், முதல் மெஷினைப் பார்த்து ரேட் பேசி முடித்துவிட்டால் பிறகு குறையும் நேரத்தால் உங்கள் கூலிச் செலவு குறையாது. இரண்டு மூன்று மெஷின் வரை நாள் கூலி கொடுத்துவிட்டு அப்புறம் பீஸ் ரேட் பேசுவது இரு பக்கத்துக்கும் நியாயம்.

வேலை ஆரம்பித்ததும் மூன்றாவது மெஷினின் ஜாப் கார்டைப் பாருங்கள். இந்த வளைவுப்படி கைவேலை 40 மணியை ஒட்டி இருக்க வேண்டும். இன்னும் 48-லேயே நிற்கிறது என்றால் பிளேட் தாமதமாக வருகிறதா, ஒரே ஜிக்குக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்களா என்று அன்றைக்கே போய்ப் பாருங்கள், அடுத்த கொட்டேஷனுக்கும் அந்த 48-ஐச் சேர்த்து சதவீதத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.