கைதிகளின் இக்கட்டு: எத்தனை முறை சந்தித்தால் ஒத்துழைப்பு லாபம்?

இரண்டு கைதிகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர் என்ன செய்வார் என்று தெரியாமலே, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஆளாளுக்கு முடிவெடுக்க வேண்டும். நேராகப் புள்ளிகளுக்குப் போகலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. ஒரே ஓர் ஆட்டம் என்றால் எதிராளி எதைச் செய்தாலும் ஏமாற்றுபவருக்கே கூடுதல். மறுபடியும் சந்திப்பார்கள் என்றால்தான் கணக்கு மாறுகிறது.

இதற்குப் போய் நிரல் எழுதாதீர்கள், எக்செல் போதும். எண்ணை மாற்றிய கணமே விடை நகர்வது தெரியும்.

முதலில் A1 கட்டத்தில், மறுபடி சந்திக்கும் வாய்ப்பை இடுங்கள். 0.9 என்றால், சராசரியாக 10 ஆட்டங்கள்.

அடுத்து எதிராளி. அவர் 'பதிலுக்குப் பதில்' ஆடுகிறார்: முதலில் ஒத்துழைப்பார், பிறகு நீங்கள் போன ஆட்டத்தில் செய்ததையே திருப்பிச் செய்வார். உங்களுடைய மொத்தப் புள்ளி இது:

```
B1: =3/(1-A1)
B2: =5+A1/(1-A1)
B3: =5/(1-A1^2)
```

B1 என்றும் ஒத்துழைப்பவருக்கு, B2 என்றும் ஏமாற்றுபவருக்கு. பலர் இத்துடன் நிறுத்திவிட்டு, வாய்ப்பு 0.5-ஐத் தாண்டினாலே ஒத்துழைப்பு வெல்லும் என்று எழுதிவிடுகிறார்கள். B3-ஐ மறக்கக் கூடாது: ஒருமுறை ஏமாற்றி, மறுமுறை அடி வாங்கிக்கொண்டு சமாதானமாகி, மீண்டும் ஏமாற்றும் தந்திரக்காரர் அவர். A1-இல் 0.6 இட்டுப் பாருங்கள்: 7.5, 6.5, 7.8. தந்திரக்காரரே முந்துகிறார். அவரும் தோற்க வேண்டுமானால் வாய்ப்பு மூன்றில் இரண்டைத் தாண்ட வேண்டும், அதாவது சராசரியாக மூன்று சந்திப்புகளுக்கு மேல். 0.9-இல் 30, 14, 26.3, சந்தேகத்துக்கே இடமில்லை.

பிற்சேர்க்கை: "சரியாகப் பத்து ஆட்டம் என்று வைத்தால்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பத்தாவதற்குப் பிறகு பழிவாங்க நாளில்லை. எனவே அதில் இருவரும் ஏமாற்றுவார்கள். அது உறுதியானதும் ஒன்பதாவதில் நல்லவராக இருந்தும் பயனில்லை. இப்படியே முதல் ஆட்டம் வரை அவிழ்ந்துவிடும். முடிவு எப்போது என்று தெரியாமலிருப்பதே ஒத்துழைப்பின் அச்சாணி. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட், பலர் அனுப்பிய நிரல்களை இதே ஆட்டத்தில் மோதவிட்ட தம் முதல் கணினிப் போட்டியில் 200 ஆட்டங்கள் என்று வைத்தார்; இரண்டாவதில் நீளத்தை வாய்ப்புக்கு விட்டார். இரண்டிலும் வென்றது அனடோல் ரப்பபோர்ட் அனுப்பிய இதே 'பதிலுக்குப் பதில்'தான்.

இன்னொருவர் கண்டுபிடித்த சிக்கல்: இரண்டு பக்கமும் 'பதிலுக்குப் பதில்' ஆடும்போது ஒருவர் கைதவறி ஏமாற்றிவிட்டால், மாறி மாறிப் பழிவாங்கல் ஓயாது. சில முறை பழிவாங்காமல் விட்டுவிடுவதே மருந்து. அளவு உண்டு: உறவு நீண்டதாக இருந்தாலும், மூன்றில் ஒரு முறைக்கு மேல் மன்னித்தால் அந்த B3 தந்திரக்காரருக்கு மறுபடியும் லாபம்.