செமிவேரியோகிராமின் இடது ஓரம்: உங்கள் மண் மாதிரிகளுக்கு கிரிகிங் சரிப்படுமா?

ஒரு நிலப்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த மண் மாதிரிகளின் ஆய்வக முடிவுகள் கையில் இருக்கின்றன. மாதிரி எடுக்காத இடங்களில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். பக்கத்து மாதிரிகளுக்கு எடை கொடுத்து அப்படி மதிப்பிடும் முறைதான் கிரிகிங். அதைச் செய்யச் சொன்னால் மென்பொருள் மறுக்காமல் ஒரு வண்ண வரைபடம் போட்டுக் கொடுத்துவிடும். தரவில் இடம் சார்ந்த ஒழுங்கு எதுவும் இல்லாவிட்டாலும் கொடுக்கும். அதனால், தூரம் கூடக் கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் செமிவேரியோகிராமை முதலில் பார்த்து, இந்தத் தரவுக்குக் கிரிகிங் பொருந்துமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு `meuse` தரவை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் ஸ்டெய்ன் ஊருக்கு அருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மேல்மண் மாதிரிகள் இதில் இருக்கின்றன. R-இல் `sp` தொகுப்போடு சேர்ந்தே வருவதால் நீங்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

படி 1: மதிப்புகளைப் பாருங்கள்

மாதிரிகளில் உள்ள துத்தநாகத்தை எடுத்துக்கொள்வோம். அது 113 முதல் 1839 பிபிஎம் வரை போகிறது. இடைநிலை 326, சராசரியோ 470-ஐ ஒட்டி. சில பெரிய மதிப்புகள் சராசரியை மேலே இழுக்கின்றன என்று அர்த்தம். செமிவேரியோகிராம் வித்தியாசங்களை வர்க்கப்படுத்துவதால், இப்படிப்பட்ட நாலைந்து மதிப்புகளே படத்தைக் குலைத்துவிடும். ஆகவே மடக்கை எடுத்துக்கொள்கிறோம்.

படி 2: செமிவேரியோகிராம் போடுங்கள்

```r
library(sp)
library(gstat)
data(meuse)
coordinates(meuse) <- ~x+y
v <- variogram(log(zinc) ~ 1, meuse)
v
plot(v, plot.numbers = TRUE)
```

இதில் நடப்பது எளிய கணக்கு. தரவின் முதல் இரண்டு மாதிரிகளில் துத்தநாகம் 1022, 1141. இரண்டுக்கும் நடுவே சுமார் 71 மீட்டர். மடக்கைகளின் வித்தியாசம் 0.11, அதை வர்க்கப்படுத்திப் பாதியாக்கினால் 0.006. இப்படி எல்லா ஜோடிகளுக்கும் (மொத்தம் 11,935) கணக்கிடலாம். அவற்றில் தூரம் ஏறத்தாழ ஒன்றாக உள்ளவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், படத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். கிடை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் வேறுபாடு. மிகத் தொலைவான ஜோடிகளை `gstat` தானாகவே விட்டுவிடும்.

படி 3: இடது ஓரத்திலிருந்து படியுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் வளைவு தட்டையாகும் இடத்துக்குத்தான் போகும். என்னைக் கேட்டால், முதல் மூன்று புள்ளிகளில் பாதி முடிவு கிடைத்துவிடும். கிரிகிங் அருகிலுள்ள மாதிரிகளுக்குத்தான் அதிக எடை தருகிறது. அருகருகே உள்ள மாதிரிகள் உண்மையிலேயே ஒத்திருக்கின்றனவா என்பதை அந்தப் புள்ளிகள்தான் காட்டும்.

நம் தரவில் 79 மீட்டரில் 0.12, 164 மீட்டரில் 0.22, 267 மீட்டரில் 0.30. சீராக ஏறுகிறது. சுமார் 900 மீட்டரில் 0.65 வந்ததும் ஏற்றம் தளர்கிறது. பக்கத்துப் புள்ளிகள் ஒத்திருக்கின்றன, விலக விலக வேறுபடுகின்றன. நாம் தேடியது இதைத்தான்.

ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை ஜோடிகள் என்பதையும் பாருங்கள். முதல் புள்ளியில் 57, அடுத்ததில் 299. முப்பதுக்குக் கீழே போனால் அந்தப் புள்ளியை நம்பி எதுவும் சொல்லக் கூடாது என்பது வழக்கமான விதி. மொத்த மாதிரிகளே 50-க்குக் குறைவு என்றால், படம் எவ்வளவு அழகாக வந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 4: கலைத்துப் பாருங்கள்

ஏற்றம் நிஜமா, தற்செயலா? இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு மதிப்புகளை மட்டும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிடுங்கள்.

```r
meuse$mix <- sample(meuse$zinc)
plot(variogram(log(mix) ~ 1, meuse))
```

இப்போது இடத்துக்கும் மதிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புள்ளிகள் 0.5-ஐ ஒட்டி மேலும் கீழுமாகக் கிடக்கும். இடது ஓரத்தில் இறக்கம் இருக்காது. இதை இருபது முறை ஓட்டுங்கள். அசல் தரவின் முதல் சில புள்ளிகள் கலைத்தவற்றைவிடத் தெளிவாகக் கீழே இருந்தால் ஒழுங்கு இருக்கிறது. அந்தக் கும்பலுக்குள்ளேயே கலந்து நின்றால் கிரிகிங்கை மறந்துவிடுங்கள்.

படி 5: வளைவைப் பொருத்துங்கள்

```r
m <- fit.variogram(v, vgm(0.6, "Sph", 900, 0.1))
m
plot(v, m)
```

நகெட் 0.05, அதற்கு மேல் ஏற்றம் 0.59, ரேஞ்ச் 897 மீட்டர் என்று வரும். நகெட் என்பது தூரம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போதும் மிஞ்சும் வேறுபாடு: ஆய்வகப் பிழையும், மாதிரி இடைவெளியைவிடச் சிறிய அளவில் மண்ணில் உள்ள மாற்றமும் அதில் சேர்ந்திருக்கும். ரேஞ்ச் என்பது வளைவு தட்டையாகும் தூரம். நகெட்டும் ஏற்றமும் சேர்ந்தது சில், இங்கே 0.64. நகெட் அதில் 8 சதவீதம்தான். 25-க்குக் கீழே என்றால் வலுவான சார்பு, 75-க்கு மேல் என்றால் பலவீனம் என்று மண் ஆய்வுகளில் சொல்வார்கள்.

இந்தச் சதவீதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் புள்ளியே 79 மீட்டரில்தான் இருக்கிறது; அதற்கு இடதுபுறம் கோடு ஊகமாக நீள்கிறது. ரேஞ்சை மாதிரி இடைவெளியோடு ஒப்பிடுவதும் அவசியம். ரேஞ்ச் 897 மீட்டர் இருந்து, அக்கம்பக்க மாதிரிகள் நூறு இருநூறு மீட்டரில் இருந்தால் நல்லது. ரேஞ்சே 100 மீட்டர், மாதிரிகள் 300 மீட்டருக்கு ஒன்று என்றால், கிரிகிங் பெரும்பாலான இடங்களில் சராசரியைத்தான் திருப்பித் தரும்.

படி 6: போக்கு ஒளிந்திருக்கிறதா?

வளைவு தட்டையாகாமல் ஏறிக்கொண்டே போனால், பரப்பு முழுக்க ஒரு போக்கு இருக்கலாம். நம் தரவில் தட்டையாகிறது, ஆனாலும் போக்கு இருக்கிறது. உலோகங்களைக் கொண்டுவந்து படியவைத்தது ஆறு. ஆற்றங்கரையை ஒட்டித் துத்தநாகம் அதிகம், விலக விலகக் குறைவு. `log(zinc) ~ sqrt(dist)` என்று எழுதி அந்தப் போக்கை நீக்கினால், மிச்சத்தின் சில் 0.64-இலிருந்து 0.23 அளவுக்கு இறங்கிவிடும். நகெட்டோ 0.08, அதாவது சுமார் 35 சதவீதம். மாதிரிகள் அதே 155தான். ஆனால் வலுவான சார்பு என்று தோன்றியதில் பெரும்பகுதி ஆற்றுத் தூரத்தின் வேலை. இப்படி ஒரு காரணி தெரிந்திருந்தால், போக்கையும் சேர்த்துக்கொள்ளும் யுனிவர்சல் கிரிகிங் பக்கம் போவது நல்லது.

படி 7: ஒவ்வொன்றாக மறைத்துச் சோதியுங்கள்

```r
cv <- krige.cv(log(zinc) ~ 1, meuse, m)
sqrt(mean(cv$residual^2))
sd(log(meuse$zinc))
mean(cv$zscore^2)
```

ஒரு மாதிரியை மறைத்துவிட்டு மற்றவற்றிலிருந்து அதைக் கணிக்கிறது, இப்படியே 155-க்கும். முதல் எண் கிரிகிங்கின் பிழை. இரண்டாவது, எல்லா இடத்துக்கும் வெறும் சராசரியையே சொன்னால் வரும் பிழைக்குச் சமம். முதலாவது தெளிவாகச் சிறியதாக இருந்தால்தான் கிரிகிங்குக்கு வேலை உண்டு. மூன்றாவது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட மிகப் பெரியது என்றால், கிரிகிங் தன் பிழையைக் குறைத்துச் சொல்கிறது. அப்புறம் அதன் பிழை வரைபடத்தை நம்ப முடியாது.

உங்கள் தரவு இந்தச் சோதனைகளில் தேறவில்லை என்றால், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் சொல்லுங்கள். அல்லது மீண்டும் களத்துக்குப் போக வழியிருந்தால், ஏற்கெனவே எடுத்த சில இடங்களிலிருந்து 5, 20, 50 மீட்டர் தள்ளிக் கூடுதல் மாதிரிகள் எடுங்கள். ஒழுங்கு உண்மையிலேயே இல்லையா, அல்லது உங்கள் மாதிரி இடைவெளியைவிடச் சிறிய தூரத்துக்குள் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.