ரிட்டயர் ஆகிற குருக்களய்யாவுக்கு ஃபேர்வெல் வீடியோ ஸ்கிரிப்ட் எழுதுறது எப்படி – முதல் தடவை எழுதுறவங்களுக்கு

நம்ம நகரத்தார் கோயில்கள்ல முப்பது நாப்பது வருஷம் பூஜை பண்ணின குருக்கள் ஒருத்தர் உடம்பு முடியாம நிறுத்திக்கிறார்னா, அவரைத் தேடுற புள்ளிங்கள்ல பாதிப்பேர் ஊர்லயே இல்ல, சென்னை, பினாங்கு, சிங்கப்பூர்னு இருக்காங்க. நேர்ல ஒரு விழா வெச்சா வர்றவங்க கொஞ்சம் பேர்தான். அதனால இப்போ எல்லா கோயில் குரூப்லயும் ஒரு வீடியோ சுத்துது. பெரும்பாலும் என்ன ஆகுதுன்னா, தலைவர் எழுதின வரவேற்புரை மாதிரி ஒண்ண அய்யா கையில கொடுத்து வாசிக்கச் சொல்லிடறாங்க, அவரும் கண்ணாடிய மேல ஏத்தி மேல ஏத்தி வாசிக்கிறார், ரெண்டாவது நிமிஷத்துல எல்லாரும் அடுத்த மெசேஜுக்குப் போயிடறாங்க. போன வருஷம் எங்க வட்டாரத்துல ஒரு குருக்களய்யாவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன், அதை உதாரணமா வெச்சுச் சொல்றேன். ஊரும் பேரும் வேணாம், அவருக்கே பிடிக்காது.

ஸ்டெப் 1: எழுதாதீங்க, முதல்ல பேச விடுங்க

பேப்பரோட போய் உக்காந்தா அவர் உடனே மேடைத் தமிழுக்கு மாறிடுவார். சாயந்திரம் நடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஃப்ரீயா இருப்பாங்க, அப்போ போய் போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி (சொல்லிட்டுத்தான்) திண்ணையில வெச்சுடுங்க. "எப்படி ஃபீல் பண்றீங்க"ன்னு கேட்டா "எல்லாம் ஈஸ்வரன் கிருபை"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார், அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. ஒரு நாள், ஒரு ஆளு, ஒரு பொருள்னு பிடிச்சுக் கேளுங்க. முதல் முதலா தனியா நடை திறந்தப்போ யாரு கூட இருந்தா? மழையில மாட்டின கல்யாணம் எது? எந்த ஆச்சி வந்தா பிரசாதத்த எடுத்து வெச்சிருப்பீங்க? யாருகிட்டயாவது கோவிச்சுக்கிட்டிருக்கீங்களா? கடைசிக் கேள்விக்கு அவர் சிரிச்சுட்டார், ஆனா அதுலேருந்துதான் வீடியோவோட நல்ல பகுதியே வந்துச்சு.

அவர் சொல்ற விதத்த அப்படியே எழுதிக்குங்க. சினிமாவுல காட்டுற அக்ரஹாரத் தமிழுக்கு மாத்தாதீங்க, எழுத்துத் தமிழுக்கும் மாத்தாதீங்க. செட்டிநாட்டுல நாப்பது வருஷம் இருந்த குருக்கள் பேச்சுல நம்ம ஊரு வார்த்தை பாதி கலந்துருக்கும், அந்தக் கலப்புதான் அவரு.

ஸ்டெப் 2: எவ்வளவு நீளம்னு அளந்துடுங்க

ரெக்கார்டிங்ல அவர் சாதாரணமா பேசின ஒரு நிமிஷத்த எடுத்து வார்த்தைய எண்ணுங்க. எங்க அய்யாவுக்கு எண்பதுக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு, வயசானவங்க நடுவுல மூச்சு விட்டு நிறுத்துவாங்க. நாலு நிமிஷத்துக்கு மேல வேணாம்னு முடிவு பண்ணினோம், அப்போ முந்நூறு சொச்சம் வார்த்தைதான் எழுத முடியும். இதை முன்னாடியே கணக்கு போடலன்னா பத்து நிமிஷ ஸ்கிரிப்ட் எழுதிட்டு எடிட்டிங்ல வெட்டுவீங்க, வெட்டினது எதுன்னு அவருக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுவார்.

ஸ்டெப் 3: கேக்கிறவங்களுக்கு என்ன தெரியணும்

இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. வெளியூர்ல இருக்கிற ஒரு ஆச்சி அந்த வீடியோவ பாக்கும்போது மனசுல ஓடுறது என்ன? பேரன் பொறந்த நட்சத்திரத்துக்கு மாசாமாசம் அர்ச்சனை பண்ணச் சொல்லியிருக்கேனே, அது நின்னுடுமா? எங்க அப்பச்சி வெச்ச கட்டளை யாருக்காவது தெரியுமா? அடுத்த வருஷம் பொண்ணு கல்யாணத்துக்கு கோயில் மாலைக்கு யாருகிட்ட சொல்றது? இதுக்குப் பதில் இல்லாம வெறும் நன்றியா சொல்லிக்கிட்டுப் போனா, வீடியோ முடிஞ்ச உடனே அய்யாவுக்கே போன் வரும், அவர் ஓய்வு எடுத்த மாதிரியே இருக்காது.

அதனால ஸ்கிரிப்ட்டுக்கு மூணு வேலை கொடுத்தேன். ஏன் நிறுத்துறார்னு நேரா சொல்றது, ஒரே ஒரு சம்பவத்த முழுசா சொல்றது, பொறுப்ப யாருகிட்ட கொடுத்திருக்கார்னு தெளிவா சொல்றது. மத்ததெல்லாம் வந்தா வரட்டும்.

ஸ்டெப் 4: ஆரம்பம்

கமிட்டிக்காரர் ஒருத்தர் எழுதி வெச்சிருந்த ஆரம்பம் இது:

"பக்தகோடிப் பெருமக்களே, இத்திருத்தலத்தில் நான்கு தசாப்தங்களாக இறைப்பணியாற்றும் பெரும்பேறு பெற்ற அடியேன்..."

இதை வாசிச்சா அய்யாவுக்கே மூச்சு வாங்கும். ரெக்கார்டிங்ல அவர் சொன்னத வெச்சு இப்படி மாத்தினோம்:

"செட்டியார்மாருக்கும் ஆச்சிமாருக்கும் நமஸ்காரம். நான்தான் குருக்கள் பேசறேன். இந்தத் தை மாசத்தோட பூஜைய நிறுத்திக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்கல. தீபம் காட்டறச்ச கை நடுங்கறது, சாமி முன்னாடி அப்படி நிக்கப்படாது."

அந்தக் கடைசி வரிய நான் எழுதல, அவரே சொன்னது. காரணத்த மறைச்சு "வயது மூப்பின் காரணமாக"ன்னு போட்டா, கமிட்டிக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபம்னு ஊர்ல ஒரு கதை கிளம்பிடும், நம்ம ஊரப் பத்தி உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 5: ஒரு சம்பவம், முழுசா

எடுத்த உடனே கும்பாபிஷேகம், பிள்ளையார் நோன்பு, மாசி மகம்னு லிஸ்ட் போடத் தோணும். லிஸ்ட் யாருக்கும் ஞாபகம் நிக்காது. ஒண்ண மட்டும் எடுத்து அதுல மழை, சைக்கிள், பேச்சு எல்லாம் வர்ற மாதிரி சொல்ல வைங்க. நாங்க எடுத்தது கோயில் மாலை. நகரத்தார் கல்யாணத்துக்கு அவங்கவங்க கோயில்லேருந்து மாலை வந்து சேர்ந்தாகணும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்கிறதால விளக்கமே தேவைப்படல.

"ஐப்பசி மழை. மாலை வாங்க வரவேண்டிய கார் கண்மாய்க்கரையில நின்னு போச்சு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரந்தான் இருக்கு. பண்டாரத்த சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சேன், மாலைய அவர் மடியில, மேல வாழை இலைய மூடி. நான் மிதிக்கிறேன், அவர் பின்னாடியே 'சாமி மெதுவா, சாமி மெதுவா'ங்கறார். கல்யாண வீட்டு முகப்புல போய் நிக்கறோம், ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கோம், மாலை நனையல. அந்த மாப்பிள்ளையோட பையனுக்கு போன வருஷம் மாலை கொடுத்தேன்."

இவ்வளவுதான். இதுக்கு அடியில "இதுதான் என் வாழ்வின் பாக்கியம்"னு ஒரு வரி சேக்கத் தோணும், சேக்காதீங்க.

கோவிச்சுக்கிட்டத பத்தி அவர் சொன்னதையும் இங்கயே ரெண்டு வரியா வெச்சோம். உச்சிகாலம் முடிஞ்சு நடை சாத்திட்டா திரும்ப சாயந்திரம்தான் திறக்க முடியும். ஒரு நாள் லீவுல வெளிநாட்டுலேருந்து வந்தவங்கள அப்படி வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கார். "அப்படித் திரும்பிப் போனவா யாராவது இதைப் பாத்தா, அடுத்த தடவ காலையிலேயே வாங்கோ, நானும் வந்து உங்களோட நிக்கறேன்." பொதுவா "தெரியாமல் பிழை செய்திருந்தால் மன்னிக்கவும்"னு சொல்றதவிட இது நூறு மடங்கு மேல். வீடியோ போன அன்னிக்கே ஒருத்தர் "அது நான்தான்"னு குரூப்ல போட்டார்.

ஸ்டெப் 6: பேர் சொல்லாதீங்க

நல்ல எண்ணத்துலதான் பேர் சொல்வாங்க, ஆனா நம்ம பக்கம் கோயில் மரியாதைல யாருக்கு முதல், யாருக்கு ரெண்டாவதுங்கிறதுல வர்ற பேச்சு சாமானியமா அடங்காது. அஞ்சு காரியக்காரர் பேரச் சொல்லி ஆறாவது விட்டுப் போச்சுன்னா வீடியோவே அதப் பத்தினதா ஆயிடும். "இதுவரை காரியம் பாத்த எல்லா செட்டியாரும்", "மடப்பள்ளில இருந்தவா", "மாலை கட்டினவா"ன்னு வேலையச் சொல்லி நன்றி சொல்லட்டும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். ஜனங்க குருக்கள்கிட்ட அர்ச்சனைக்குச் சொல்றப்போ கோர்ட் கேஸ், குழந்தையில்லாதது, பையன் குடி எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க. "ஒரு ஆச்சி பத்து வருஷம் குழந்தை வேண்டி வந்தா"ன்னு பேரில்லாம சொன்னாலும் ஊர்ல யாருன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ரெக்கார்டிங்ல அந்த மாதிரி வந்தத எழுதவே எழுதாதீங்க, எழுதி முடிச்சதும் அந்த ரெக்கார்டிங்கையும் அழிச்சுடுங்க.

ஸ்டெப் 7: பொறுப்பு கைமாறுறது

இந்த இடத்துல புதுசா வர்றவர் பக்கத்துல உக்காந்திருக்கணும். இங்க அய்யாவோட மகன்.

"இனிமே பூஜை இவன் பாத்துப்பான். உங்க கட்டளை, நட்சத்திரம் எல்லாம் இந்த நோட்டுல இருக்கு, இவன்கிட்ட கொடுத்துட்டேன். ஒண்ணும் நிக்காது. எனக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம், கோயில் ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கிக்கோங்கோ. கல்யாணம் வெச்சா மாலைக்கும் ஆபீஸ்லயே எழுதிக் கொடுங்கோ."

பணம் பத்தின வரிய கூச்சப்பட்டு நிறைய பேர் விட்டுடறாங்க. ஆனா வருஷக்கணக்கா அய்யாவோட ஜிபேக்கே அனுப்பிப் பழகினவங்க அனுப்பிக்கிட்டேதான் இருப்பாங்க, பின்னாடி கணக்குல குழப்பம் வந்து அய்யா பேர்தான் அடிபடும். போன் நம்பர மட்டும் வீடியோவுல சொல்ல வேணாம், நம்பர் மாறும், வீடியோ எங்கெங்கயோ போகும். கூட அனுப்புற மெசேஜ்ல போட்டுக்கலாம்.

முடிவுக்கு நான் எதுவுமே எழுதல. தினமும் தீபாராதனை முடிஞ்சு சொல்ற வாழ்த்த அப்படியே சொல்லச் சொன்னோம், அதுக்கு ஸ்கிரிப்ட் வேணாம், தூக்கத்துலயும் வரும் அவருக்கு.

ஸ்டெப் 8: ஷூட்டிங்

கருவறைப் பக்கம் கேமரா வேணாம், அவரே விடமாட்டார். கல் மண்டபத்துலயும் பெரிய வீட்டுப் பட்டாலையிலயும் குரல் எதிரொலிக்கும், பாக்க அழகா இருக்கும், கேக்க முடியாது. ஒரு தடவ கையைத் தட்டிப் பாருங்க, சத்தம் சுத்தினா அந்த இடம் வேணாம். அவர் வீட்டுத் திண்ணையில காலை வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உக்கார வெச்சு, அங்கவஸ்திரத்துல ஒரு சின்ன காலர் மைக் மாட்டினோம், துணி உரசுற சத்தம் வராம டேப் போட்டு ஒட்டினோம்.

ஸ்கிரிப்ட்ட பெரிய எழுத்துல, ஒரு பக்கத்துக்கு ஒரு பகுதின்னு பிரிண்ட் எடுங்க. பகுதிய ஒரு தடவ வாசிக்கட்டும், பேப்பர வாங்கி வெச்சுட்டு, "இப்ப எங்கிட்ட சொல்லுங்க"ன்னு கேமரா பக்கத்துல உக்காந்துக்குங்க. வார்த்தை மாறும், மாறட்டும். பொறுப்பு பகுதி மட்டும் எழுதினபடி வந்துச்சான்னு பாத்துக்குங்க, எங்களுக்கு ரசீது வரி விட்டுப்போய் திரும்ப எடுத்தோம்.

அனுப்புறதுக்கு முன்னாடி அய்யாவும் காரியக்காரங்களும் முழுசா பாத்து சரின்னு சொல்லணும். வெளிநாட்டுல வளர்ற பேரப்பிள்ளைங்களுக்காக கீழ இங்கிலீஷ் சப்டைட்டில் போடுங்க. வாட்ஸ்அப்ல நேரா வீடியோவா அனுப்பினா மங்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்பி, ஆபீஸ் நம்பர் இருக்கிற மெசேஜ குரூப்ல பின் பண்ணிடுங்க.